குடும்ப வெள்ளிக் கரண்டிச் செற்: தவறிய துண்டுகளைப் பொருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரந்தனில் அப்பாவின் தட்டார் பட்டறையில் இருந்துதான் நான் வெள்ளியைப் பழகினேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, தாட்டு வைத்த பெட்டிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு பலர் வந்தார்கள். நகைகளோடு சிலரிடம் பழைய இங்கிலிஷ் கரண்டிச் செற்றும் இருந்தது: மலாயாப் பென்ஷன்காரர் வீட்டுச் சாமான், கச்சேரியில் வேலை செய்த தாத்தா வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியது, இப்படி. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே இருக்கின்றன. இடையிடையே எங்கள் பெரியம்மாவின் செற்றையே உதாரணமாகச் சொல்கிறேன். அதை முதலில் இருந்து கடைசி வரை பார்த்தவன் நான்.

எங்கட பெட்டியில இருக்கிறது உண்மையான வெள்ளியா, முலாமா? எப்பிடிப் பாக்கிறது?

கரண்டித் தண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். இங்கிலாந்து வெள்ளி என்றால் சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாகக் குத்தியிருக்கும். அதில் நடந்து போகும் சிங்கம் ஒன்று இருந்தால் அது ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. கூடவே ஊர் முத்திரை இருக்கும். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரைக்கும் கிரீடம். பிறகு ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்து, செய்தவரின் பெயரெழுத்துகள். ராஜா அல்லது ராணியின் தலையும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் 1890க்கு முந்தியது. அந்த முத்திரை வரி கட்டியதற்கான அடையாளம், 1890உடன் அது நின்றுபோனது.

சிங்கம் இல்லாமல் ஈ.பி.என்.எஸ். என்றோ ஏ1 என்றோ இருந்தால் அது முலாம். சிலர் அந்த எழுத்துகளையே தனித்தனிச் சின்னப் பெட்டிகளுக்குள் குத்தி, பார்வைக்கு வெள்ளி முத்திரை போலவே செய்திருப்பார்கள். வரிசையைக் கண்டு மயங்காமல் சிங்கத்தைத் தேடுங்கள். கத்தி அலகில் ஷெஃபீல்ட் என்று எழுதியிருப்பதை வெள்ளி முத்திரை என்று நினைத்து வந்தவர்களும் உண்டு. அது இரும்பு செய்த ஊரின் பெயர் மட்டும்.

மண்ணுக்குள்ள இருந்து எடுத்தது கறுத்துப் போயிருக்கு. பொலிஷ் போட்டுக் கொண்டு வரவா?

வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள். இதில் என் குடும்பமே இழந்திருக்கிறது. பெரியம்மாவின் செற்றில் ஒரு டெசேட் கரண்டியை மட்டும், மற்றவற்றைக் காட்டுவதற்கு முன்னால் ஆசைக்குப் பளபளப்பாக்கலாம் என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். மோட்டார்ச் சில்லில் பிடித்து உரைத்துவிட்டார்கள். கரண்டி கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் ஆண்டெழுத்தில் பாதி மறைந்தது, சிங்கத்தின் கால்கள் போய்விட்டன. அந்த ஒரு கரண்டியை இன்றைக்கும் செற்றில் சேர்த்து எண்ண வாங்குகிறவர்கள் தயங்குகிறார்கள்.

மண்ணை வெறும் தண்ணீரில் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த படலம். அதற்கு ஒரு பிளாஸ்டிக் சட்டியில் அலுமினியத் தாள் விரித்து, அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரை விட்டு, கரண்டி தாளைத் தொடும்படி வைத்தால் போதும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி தேயாது. உப்புத்தன்மையுள்ள மண்ணில் கிடந்தவற்றில் சாம்பல் நிறத்தில் மெழுகு போன்ற தடித்த படலம் இருக்கும். அது குளோரைட். சோடாவில் அது முழுதாகப் போகாது. அதைக் கத்தியால் சுரண்டாதீர்கள், கீழே முத்திரை இருக்கலாம். பச்சை நிறமும் குழிகளும் தெரிந்தால் முலாம் விட்டு உள்ளே இருக்கும் செம்புக் கலவை அரித்திருக்கலாம்.

கைப்பிடி உள்ள கத்திகளை மட்டும் இந்தச் சுடுதண்ணீருக்குள் போடக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

எங்கட கரண்டியின்ர வடிவத்துக்கு ஓல்ட் இங்கிலிஷ் எண்டு பேர் தெரிஞ்சிட்டுது. அதே பேரில வாங்கினால் பொருந்தும்தானே?

பெயர் மட்டும் போதாது. நான் பார்த்த வரையில் ஆட்கள் பணத்தை விடுவது அநேகமாக இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் ஒரு கம்பனி ஒரு வடிவத்தை வரைந்தால் அது அந்தக் கம்பனிக்கே சொந்தம். வடிவத்தின் பெயரைச் சொன்னாலே பெரும்பாலும் செய்தவரும் தெரிந்துவிடும், துண்டும் பொருந்திவிடும். இங்கிலாந்து வழக்கம் வேறு. ஓல்ட் இங்கிலிஷ், ஃபிடில், கிங்ஸ், குவீன்ஸ் எல்லாம் பொதுவான பெயர்கள். இருநூறு வருஷத்துக்கும் மேலாக யார் வேண்டுமானாலும் செய்த வடிவங்கள் அவை. ஒவ்வொரு பட்டறைக்கும் தனி அச்சு. தண்டின் கழுத்து ஒருவரிடம் ஒல்லி, இன்னொருவரிடம் தடிப்பு. நுனி ஒருவரிடம் அகலம், இன்னொருவரிடம் குறுகல். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன். செற்றை வாங்கியவர் அம்மப்பா. மலாயா ரயில்வேயில் கிளாக்காக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய ஓர் இஞ்சினியரிடம் பெட்டியோடு வாங்கினார். ஷெஃபீல்டில் 1920இல் முத்திரை குத்திய ஓல்ட் இங்கிலிஷ், பன்னிரண்டு பேருக்கானது. 1995 இடப்பெயர்வில் பெட்டி பெரியம்மாவோடு வலிகாமத்தில் இருந்து வன்னிக்கு வந்தது. 2008 கடைசியில் உரப்பையில் சுற்றி வளவில் மாமரத்தடியில் தாட்டுவிட்டுப் போனார்கள். 2010இல் வந்து தோண்டியபோது மரம் இல்லை. கிணற்றில் இருந்து அடி எண்ணித்தான் இடத்தைப் பிடித்தோம். பை கிழிந்து கொஞ்சம் தவறியிருந்தது.

லண்டனில் இருக்கும் தம்பி, பெரியம்மா சந்தோஷப்படட்டும் என்று, ஓல்ட் இங்கிலிஷ் என்று போட்டிருந்த டெசேட் கரண்டிகள் நாலு வாங்கி அனுப்பினான். முன்னால் இருந்து பார்த்தால் அச்சு அசல். திருப்பினால், கரண்டிக் குழியின் முதுகில் தண்டில் இருந்து ஒரு வரம்பு ஒல்லியாகி ஓடியது. அதை எலிவால் என்பார்கள். எங்களுடையதில் அது இல்லை. பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது: எங்கள் கரண்டிகளின் தண்டு நுனி கீழ்ப்பக்கமாக வளைகிறது, வந்தவற்றின் நுனி மேல்பக்கமாக. அவை ஹனோவேரியன் என்ற வேறு வடிவம். விற்றவர் பெயரைப் பிழையாகப் போட்டிருந்தார், முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து வாங்கியதால் எங்களுக்கும் தெரியவில்லை.

ஆகவே மூன்று படம் கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு. பக்கவாட்டுப் படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். கிங்ஸ், குவீன்ஸ் இரண்டையும் குழப்புகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. இரண்டிலும் நுனியில் சிப்பி இருக்கும். கிங்ஸில் அது உள்ளே குழிந்திருக்கும், குவீன்ஸில் வெளியே புடைத்திருக்கும். படத்தில் வெளிச்சம் விழும் திசையைப் பொறுத்து குழிவு புடைப்பாகத் தெரியும் என்பதால், விரலால் தடவிப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரருக்கு எங்கட கரண்டியின்ர அளவை எப்பிடி அனுப்புறது?

வட்ஸ்அப் படம் மட்டும் அனுப்பினால் போதாது. கையடக்கத் தொலைபேசியைக் கிட்டப் பிடித்து எடுத்தால் கரண்டியின் நடு பருத்து நுனி சிறுத்துத் தெரியும். அதை வைத்து அளவு சொல்ல முடியாது.

போட்டோக்கொப்பிக் கடைக்குப் போங்கள். கரண்டியைக் கண்ணாடியில் நேராக வைத்து, அளவை நூறு வீதத்தில் வைத்து, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று கொப்பி எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கீறாமல் இருக்க மெல்லிய தெளிந்த தாளொன்றைக் கீழே போடுங்கள். ஸ்கான் பண்ணினால் இன்னும் நல்லது. 300 டிபிஐயில் ஸ்கான் செய்தால் படத்தின் 300 புள்ளிகள் சேர்ந்து 25.4 மில்லிமீற்றர். அங்கே அதே அளவில் அச்செடுத்து, கடையில் கிடக்கும் கரண்டியைத் தாளின் மேல் வைத்தால் விளிம்போடு விளிம்பு பொருந்துகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

அதோடு நாலு இலக்கம் எழுதி அனுப்புங்கள்: மொத்த நீளம், தண்டு நுனியின் அகலம், கழுத்தின் மிக ஒடுங்கிய இடத்தின் அகலம், நகைத் தராசில் நிறை. முள்ளுக்கரண்டி என்றால் பல்லின் அடியில் இருந்து நுனி வரையிலான நீளத்தையும் சேர்க்க வேண்டும். ஒரே வடிவத்தில் பெரிய முள்ளுக்கரண்டியும் சின்னதும் உண்டு. நீளம் சொல்லாமல் வாங்கினால் அளவு மாறி வந்து சேரும். பெரியது பொதுவாக 20 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, சின்னது 17, 18.

தேடும்போது ஆங்கிலத்தில் இப்படித் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்:

```
sterling dessert fork "Old English" Sheffield 1920
```

இது கிடைக்காவிட்டால் ஆண்டை எடுத்துவிட்டு, செய்தவரின் பெயரைப் போட்டுத் தேடலாம். லண்டனில் சான்சரி லேனில் நிலத்துக்குக் கீழே வெள்ளிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அச்செடுத்த தாளை எடுத்துக்கொண்டு அங்கே நேரில் போனால் கையில் வைத்தே பார்க்கலாம்.

அதே ஆண்டு, அதே ஆள் செய்ததுதான் வேணுமா?

அப்படி அமைந்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. எல்லாத் துண்டும் ஒரே பட்டறை, ஒரே ஆண்டு என்றால் வியாபாரத்தில் அதற்குத் தனி மதிப்பு. பிறந்ததில் இருந்து பிரியாத செற் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பட்டறை, இரண்டு மூன்று வருஷம் முன்பின் என்றால் பார்வையில் வித்தியாசம் இருக்காது. அச்சு அதேதான் என்பதால் பெரும்பாலான வாங்குகிறவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். வேறு பட்டறை என்றால் அது கலப்புச் செற். சாப்பிட நல்லது, விற்கும்போது இறங்கும்.

ஆண்டெழுத்தைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எழுத்துகள் முடிந்ததும் திரும்ப முதல் எழுத்தில் இருந்து தொடங்கும். ஷெஃபீல்டில் 1893இலும் ஒரு சுற்றுத் தொடங்கியது, 1918இலும் ஒன்று தொடங்கியது. இரண்டிலும் சின்ன எழுத்துகள்தான். எழுத்தின் பாணியையும் அதைச் சுற்றியிருக்கும் கேடயத்தின் வடிவத்தையும் பார்த்தால்தான் எந்தச் சுற்று என்று சொல்ல முடியும். ஒவ்வொரு ஊருக்கும் சுற்று வேறு. எழுத்து ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஆண்டும் ஒன்று என்று முடிவு கட்டாதீர்கள்.

பதினொரு துண்டு இல்லை. அப்ப பெறுமதியே போச்சா?

எத்தனை போனது என்பதைவிட எது போனது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. பெரியம்மாவின் செற்றையே எண்ணிப் பார்ப்போம். தோண்டி எடுத்தபோது பெரிய முள்ளுக்கரண்டி 12, சின்ன முள்ளுக்கரண்டி 8, மேசைக்கரண்டி 12, டெசேட் கரண்டி 11, தேக்கரண்டி 6. தவறியவை நாலு சின்ன முள்ளு, ஒரு டெசேட் கரண்டி, ஆறு தேக்கரண்டி. மொத்தம் பதினொன்று.

ஒரு செற் எத்தனை பேருக்கு என்பதை அதில் மிகக் குறைவாக இருக்கும் முக்கியத் துண்டுதான் தீர்மானிக்கும். இங்கே அது சின்ன முள்ளு, எட்டு. ஆகவே பன்னிரண்டு பெரிய முள்ளு இருந்தும் இது எட்டுப் பேருக்கான செற்தான். மிச்சம் நாலு பெரிய முள்ளும் உதிரி ஆகிவிடுகின்றன. நாலு துண்டு போய், இருக்கிற துண்டுகளையும் பெறுமதி இறக்கிவிட்டது.

ஆறு தேக்கரண்டி போனதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அவை எங்கும் கிடைக்கும், சேராமல் இருந்தாலும் உறுத்தாது. மேசைக்கரண்டி போயிருந்தாலும் பெரிய நட்டமில்லை, பரிமாற நாலு ஆறு இருந்தால் போதும். முள்ளுக்கரண்டிகள்தான் சிக்கல். பற்கள் தேய்கின்றன, வளைகின்றன, உடைகின்றன. அதனால் பழைய வடிவங்களில் கரண்டி கிடைக்கும் அளவுக்கு முள்ளு கிடைப்பதில்லை. கிடைப்பதும் விலை கூட.

ஆகவே பதினொன்றில் ஐந்துதான் முக்கியம்: நாலு சின்ன முள்ளு, ஒரு டெசேட் கரண்டி.

அந்த அஞ்சையும் தேடி வாங்கிறது லாபமா, இல்லாட்டி இருக்கிறதை அப்பிடியே வித்திடவா?

கணக்குப் போட்டால்தான் தெரியும். நாங்கள் போட்ட கணக்கு இது.

முதலில் எல்லாவற்றையும் நிறுத்தோம். பெரிய முள்ளு ஒன்று 68 கிராம், சின்னது 46, மேசைக்கரண்டி 72, டெசேட் கரண்டி 48, தேக்கரண்டி 22. இருப்பதன் மொத்தம் 2,708 கிராம். அதில் சுத்த வெள்ளி 0.925 ஆல் பெருக்க 2,505 கிராம். வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறுவதால் ரூபாயை விட்டுவிடுவோம். சுத்த வெள்ளி ஒரு கிராமின் விலை ஒரு பங்கு என்று வைத்தால், உருக்கு விலை 2,505 பங்கு. எதுவுமே செய்யாமல் உருக்கினாலும் கிடைக்கும் அடிவிலை அது.

தம்பி இந்தப் பட்டியலோடு ஒரு வெள்ளி வியாபாரியிடம் போனான். அவர் சொன்னது: இப்போது இருப்பதுபோல் என்றால் உருக்கு விலைக்கு மேல் நூற்றுக்குப் பத்து. அதே பட்டறைத் துண்டுகளால் பன்னிரண்டு பேருக்கு நிரம்பியிருந்தால் நூற்றுக்கு முப்பது. வேறு பட்டறைத் துண்டுகளால் நிரப்பியிருந்தால் இருபது. தேக்கரண்டிகள் குறைவதை அவர் கணக்கில் எடுக்கவேயில்லை.

இப்போது இருப்பது: 2,505இன் மேல் பத்து வீதம், 2,755 பங்கு. ஐந்து துண்டும் சேர்ந்தால் நிறை 2,940 கிராம், சுத்த வெள்ளி சுமார் 2,720. அதே பட்டறை என்றால் முப்பது வீதம் சேர்த்து 3,535. கூடுவது 780 பங்கு. ஐந்து துண்டிலும் இருக்கும் சுத்த வெள்ளி 215 கிராம். ஆகவே அவற்றை உருக்கு விலையின் மூன்றரை மடங்கு வரைக்கும் கொடுத்து வாங்கலாம், அதற்கு மேல் நட்டம். வேறு பட்டறை என்றால் கூடுவது 508 பங்குதான், அப்போது எல்லை இரண்டே கால் மடங்கு. தபால் செலவை இதற்குள்ளேயே அடக்க வேண்டும்.

தம்பிக்குக் கிடைத்தது அதே பட்டறையின் 1922 ஆண்டு சின்ன முள்ளு நாலு, உருக்கு விலையின் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. வாங்கினோம். டெசேட் கரண்டிக்கு ஒன்றரை வருஷம் காத்திருந்தோம்.

உங்கள் செற்றுக்கு வீதங்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது. ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளி விலை ஏறும்போது உருக்கு விலைக்கும் செற் விலைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். சாதாரணமான இருபதாம் நூற்றாண்டுச் செற்றுகளில் சில காலம் அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லாமலே போகும். அப்போது துண்டு தேடி வாங்குவது விற்பதற்காக என்றால் பொருளற்றது.

கிடைச்ச முள்ளுக்கரண்டி பழசு. தேஞ்சிருக்கா எண்டு எப்பிடித் தெரியும்?

நாலு பல்லின் நுனிகளையும் உங்கள் முள்ளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேய்ந்த முள்ளில் பற்கள் கட்டையாக இருக்கும், நுனி மழுங்கியிருக்கும். சிலர் அதை மறைக்க நுனிகளை வெட்டிச் சமப்படுத்தி அரம் போட்டிருப்பார்கள். அப்படியானால் பல்லுக்குப் பல் உயரம் சரியாக ஒன்றாக இருக்கும், ஆனால் மொத்த நீளம் மற்றவற்றைவிட மூன்று நாலு மில்லிமீற்றர் குறையும். நாலு இலக்கத்தோடு பல்லின் நீளத்தையும் கேட்கச் சொன்னது இதனால்தான்.

கரண்டியில் தேய்வது இடது பக்க நுனி. வலக்கையால் உண்கிறவர்கள் அந்தப் பக்கமாகவே சட்டியை வழிப்பதால் குழியின் ஒரு பக்கம் சரிந்திருக்கும். நிறையும் காட்டிக் கொடுக்கும். ஒரே வடிவம், ஒரே நீளம், ஆனால் ஐந்தாறு கிராம் குறைவு என்றால் எங்கோ தேய்ந்திருக்கிறது, அல்லது எதையோ அழித்திருக்கிறார்கள்.

எங்கட கரண்டிகளில வேற ஆரின்ரையோ எழுத்து வெட்டியிருக்கு. அழிச்சிட்டு விக்கலாமா?

அழிக்காதீர்கள். முதல் உரிமையாளரின் பெயரெழுத்து எல்லாத் துண்டிலும் ஒன்றாக இருந்தால், செற் பிரியாமல் வந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அழிப்பது என்றால் அந்த இடத்தில் வெள்ளியைச் சுரண்டி எடுப்பது. தண்டு நுனி மெலியும், முத்திரை பக்கத்தில் இருந்தால் அதுவும் போகும்.

நீங்கள் வாங்கும் துண்டில் எழுத்து அழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, தண்டு நுனியில் வாயால் ஆவி ஊதுங்கள். ஆவி படிந்து மறையும் அந்தச் சில நொடிக்குள் பழைய எழுத்தின் நிழல் தெரியும். விரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் பிடித்துத் தடவினால் மெலிந்த பள்ளமும் தட்டுப்படும். பொருத்த வாங்கிய துண்டில் எழுத்து இல்லாவிட்டால் புதிதாக வெட்டவும் வேண்டாம், வெறுமையாக இருக்கட்டும்.

இங்க தட்டாரிட்டக் குடுத்து, இருக்கிற முள்ளைப் பாத்து நாலு வார்ப்பிக்கேலாதா?

வார்ப்பிக்கலாம். அப்பாவே இரண்டு தரம் செய்து கொடுத்திருக்கிறார். ஆனால் அது என்ன, அது என்ன அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

உள்ளதில் அச்செடுத்து மெழுகில் வார்த்து வெள்ளி ஊற்றினால், ஆறும்போது வெள்ளி சுருங்குவதால் புதியது கொஞ்சம் சிறியதாக வரும். பழைய முள்ளு தகட்டில் அடித்துச் செய்தது. அடிபட்ட வெள்ளி இறுகியிருக்கும். வார்த்தது மெது, ஒரு துண்டு இறைச்சியைக் குத்தினாலே பல் வளையலாம். அதற்காக அப்பா வார்த்த பிறகு பல்லையும் கழுத்தையும் சுத்தியலால் மெல்ல அடித்து இறுக்குவார். எங்கள் ஊர் வேலைக்கு அது நல்ல வேலை, பார்த்தால் பெருமையாக இருக்கும்.

சிக்கல் முத்திரையில். அச்செடுத்தால் சிங்கமும் கிரீடமும் அப்படியே பதிந்து வரும். ஷெஃபீல்ட் காணாத துண்டில் ஷெஃபீல்ட் முத்திரை இருப்பது போலி. இங்கிலாந்தில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி போலி முத்திரையுள்ள பொருளைத் தெரிந்துகொண்டு விற்பது குற்றம். மெழுகிலேயே அந்த முத்திரைகளை அழித்துவிடச் சொல்லுங்கள். தட்டார் தன்னுடைய அடையாளத்தைக் குத்தட்டும், எப்போது செய்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். வீட்டுப் பாவனைக்கு அது போதும். விலை பேசும்போது அவற்றை ஒதுக்கி வைத்துப் பேசுங்கள்.

நீங்கள் வாங்கப் போகும்போதும் இது உதவும். கையால் குத்திய முத்திரை ஒவ்வொரு துண்டிலும் ஒரு மயிரளவாவது இடம் மாறி, சரிந்து இருக்கும். நாலு முள்ளிலும் ஒரே இடத்தில், ஒரே சரிவில், ஒரே கீறலோடு முத்திரை இருந்தால் நாலும் ஒன்றில் இருந்து வார்த்தவை. ஓரங்கள் மழுங்கி, பரப்பில் ஊசிக்குத்துப் போல் துளைகளும் இருக்கும்.

கத்தி எல்லாம் துருப்பிடிச்சிட்டுது. எறிஞ்சிடவா?

கைப்பிடிகளை வைத்திருங்கள். அலகு இரும்பு என்பதால் மண்ணில் அது போவது இயல்பு. கைப்பிடி மெல்லிய வெள்ளித் தகட்டுக் கூடு, உள்ளே பிசின் நிரப்பியிருக்கும். சுடுதண்ணீரில் போட்டால் பிசின் இளகி விரிந்து, பொருத்து வெடிக்கும். கத்தியைச் சோடாச் சட்டிக்குள் போட வேண்டாம் என்றது அதற்காகத்தான். கூட்டில் வெள்ளி மிகக் கொஞ்சம், ஆகவே கத்தியின் மொத்த நிறையை ஒருநாளும் வெள்ளிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்த்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் புது அலகு பொருத்திக் கொடுக்கும் ஆட்கள் உண்டு. கத்திகள் மற்றத் துண்டுகளோடு ஒரே வயதாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பழைய செற்றுகளில் கத்தி தப்புவது அரிது என்பது எல்லோருக்கும் தெரியும். கத்தி இல்லாததால் விலை அவ்வளவு இறங்காது.

எங்கட முலாம் போட்டது. அதிலயும் ரெண்டு மூண்டு இல்லை. தேடலாமா?

சாப்பிட வேண்டும் என்றால் தேடுங்கள், மலிவாகக் கிடைக்கும். விற்க என்றால் வேண்டாம். அதில் உருக்கு விலை என்று ஒன்று இல்லை. நிரம்பிய செற்றுக்கே பெரிய விலை வராது, இரண்டு துண்டு சேர்ந்து எதுவும் மாறப் போவதில்லை. மண்ணில் கிடந்து முலாம் உரிந்திருந்தால் திரும்ப முலாம் போடுவதற்கே செற்றின் விலையைவிடக் கூடச் செலவாகும்.

செற்றைப் பிள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுக்கப் போறன். எப்பிடிப் பிரிக்கலாம்?

துண்டு வகையாகப் பிரிக்காதீர்கள். மூத்தவளுக்கு முள்ளு, இளையவனுக்குக் கரண்டி என்று கொடுத்தால் இரண்டு பேர் கையிலும் இருப்பது உதிரி. ஆள் கணக்கில் பிரியுங்கள். பன்னிரண்டு பேருக்கான செற் என்றால் ஆறு பேருக்கு ஒன்று, ஆறு பேருக்கு ஒன்று: ஒவ்வொருவருக்கும் ஆறு பெரிய முள்ளு, ஆறு சின்ன முள்ளு, ஆறு டெசேட் கரண்டி என்று. பிரிக்கும் முன் எல்லா முத்திரைகளையும் படம் எடுத்து, நிறைகளை எழுதி, ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். பெரியம்மா அப்படித்தான் கொடுத்தார். 1922 முள்ளு நாலில் இரண்டு அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம். உரைத்த டெசேட் கரண்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், இப்போது அதில்தான் சீனி போடுகிறார்.